சோறூட்டும் விழாவுக்கு வெள்ளிக் கிண்ணமா, நாற்காலியா?

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் நாளில் வெள்ளிக் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் பரிசாக வந்து குவிவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நானும் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை அன்று ஒரு வாய் பாயசத்துக்குப் பயன்பட்டு, பிறகு பீரோவுக்குள் போய்விடுகின்றன. இதற்குப் பெற்றோரின் கஞ்சத்தனம் காரணமன்று. உலோகங்களில் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி என்பதால், சூடான கஞ்சியில் கிடந்த வெள்ளிக் கரண்டி குழந்தையின் உதட்டைச் சுடும். முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள கந்தகம் பட்டால் அது கறுத்தும் போகும். அதைத் துலக்கி வைக்க ஆறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? சேமிப்பாகக் கொடுக்க விரும்புபவர்கள் வெள்ளியைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் தினமும் கையில் புழங்கும் பொருளைத் தர வேண்டும் என்று நினைத்தால், குழந்தை உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலியைத்தான், அதாவது கடைகளில் ஹை சேர் என்று கேட்டு வாங்குவதைத்தான், நான் பரிந்துரைப்பேன்.

தாய்ப்பாலோடு திட உணவை ஆறு மாதம் முடிந்ததும் தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தொடக்கத்தில் வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு 250 மி.லி. கிண்ணத்தில் பாதியளவாகவும், நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையாகவும் அது கூடுகிறது. உணவின் அளவு இவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒவ்வொரு வேளையும் குழந்தை எங்கேயாவது நிமிர்ந்து உட்கார்ந்தாக வேண்டும். சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு தொண்டைக்குள் தானாகச் சரிந்து புரையேறும். மடியில் வைத்து ஊட்டும்போது ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கும், மறு கை கரண்டியைப் பிடித்திருக்கும், கிண்ணத்தைப் பிடிக்க மூன்றாவது கை இருக்காது. அந்த மூன்றாவது கையின் வேலையை நாற்காலி செய்கிறது.

இதை நான் ஒரு தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். என் தங்கையின் முதல் குழந்தைக்கு, பார்க்க மெத்தென்று இருந்த, பூப்போட்ட பஞ்சுத் திண்டு தைத்த நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் அவள் தொலைபேசியில், “அண்ணா, புள்ள சாப்பிடறது பத்து நிமிஷம், இதைத் துடைக்கறது அரை மணி நேரம்” என்றாள். தையல் இடுக்குகளிலும் வார்ப்பட்டை நுழையும் துளைகளிலும் குழைந்த சோறு புகுந்து காய்ந்து, பிறகு புளித்து நாறத் தொடங்கியிருந்தது. திண்டைக் கழற்றித் துவைக்கலாம் என்றால் அது இருக்கையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் மாதம் அந்த நாற்காலி பால்கனியில் துணி போடும் இடமாக மாறிவிட்டது.

இரண்டாவது குழந்தைக்கு வாங்கும்போது கடையில் கொஞ்சம் அதிகப்பிரசங்கியாகவே நடந்துகொண்டேன். முதலில் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி, இருக்கையின் அடியிலும் மூலைகளிலும் சோறு ஒளிந்துகொள்ள எத்தனை இடுக்குகள் இருக்கின்றன என்று பார்த்தேன். துணியே இல்லாத, வழவழப்பான பிளாஸ்டிக் இருக்கையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் முன்பக்கத் தட்டு தனியாகக் கழன்று வர வேண்டும், வந்தபின் சமையலறைத் தொட்டிக்குள் படுக்க வேண்டும் என்பது என் இரண்டாவது நிபந்தனை. இதற்காகத் தங்கை வீட்டுத் தொட்டியின் அகலத்தை முந்தின நாளே நூலால் அளந்து வைத்திருந்தேன். விற்பனையாளர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பலரும் கவனிக்காமல் விடுவது கால்பலகை. கால்கள் அந்தரத்தில் தொங்கினால், ஆறேழு மாதக் குழந்தை தன் உடலை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே பலத்தைச் செலவழிக்கிறது. சரிந்து சரிந்து விழும், சீக்கிரமே சிணுங்கும். பெற்றோரோ அதற்குப் பசியில்லை என்று எண்ணிக்கொள்வார்கள். பாதம் பலகையில் படிந்து, முழங்காலும் இடுப்பும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருந்தால், உடல் நிலைகொண்டு கையும் வாயும் சாப்பிடும் வேலைக்கு விடுபடும். ஆகவே உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய கால்பலகை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பலகை ஒரே உயரத்தில் நிலையாக இருந்தால், ஆறு மாதக் கால் அதை எட்டாது, இரண்டு வயதுக் கால் மடங்கி முட்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தோள்கள், இடுப்பு, தொடையிடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஐந்து முனை வார்ப்பட்டையும், குழந்தை தட்டுக்கு அடியில் வழுக்கி இறங்காதபடி தொடைகளுக்கு நடுவே ஒரு தடுப்பும் அவசியம். நாற்காலியின் கால்கள் கீழே போகப் போக அகன்று நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதுகுப்பக்கத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள். எளிதில் கவிழ வருகிறது என்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள், ஏனென்றால் குழந்தை மேசையை உதைத்துத் தள்ளும்போது நடப்பதும் அதுதான்.

குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடு என்றால் உயரமான நாற்காலி அங்கே அந்நியமாகத் தனியே நிற்கும். அத்தகைய வீட்டுக்குத் தட்டும் பட்டையும் உள்ள தாழ்வான தரை இருக்கையே பொருத்தம். ஆனால் அதைத் தூக்கி மேசைமேலோ கட்டில்மேலோ வைக்கக் கூடாது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இடம் குறைந்த வீடாக இருந்தால், மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்கக்கூடியதா என்பதும் முக்கியம். எதுவாயினும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பரிசில் வியப்பு குறையும்தான், ஆனால் ஒரே வீட்டில் இரண்டு நாற்காலிகள் சேர்வதைவிட அது மேல்.

பெயர் சூட்டும் விழாவுக்கு இந்தப் பரிசு ஒத்துவராது. பிரித்துப் பயன்படுத்த இன்னும் ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு பெரிய பெட்டி வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்த விழாவுக்கு, ஏற்கெனவே ஒருமுறை துவைத்து மென்மையாக்கிய பருத்தித் துணிச் சதுரங்கள் ஒரு டஜன் கொடுங்கள். பால் துடைக்கவும், தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கவும், பிறகு சோறூட்டும் காலத்தில் கழுத்தில் கட்டவும் அவை ஓயாமல் உழைக்கும்.

தங்கையின் இரண்டாவது குழந்தையான மகனுக்கு நாற்காலியை விழாவுக்கு முந்தின மாலையே கொண்டுபோய், நானே திருகாணிகளை முடுக்கி நிறுத்திவிட்டு வந்தேன். விழாவன்று அவன் அதில் உட்காரவில்லை, தாத்தா மடியில்தான் உட்கார்ந்தான். மறுவாரம் உட்காரவைத்தபோது பக்கவாட்டில் சரிந்தான். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து மூன்று வாரம் ஓட்டினோம், அதன்பின் துண்டு தேவைப்படவில்லை. கால்பலகையை இதுவரை இரண்டு முறை கீழே இறக்கியாகிவிட்டது. இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. தட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியைச் சாப்பாட்டு மேசையோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள், அக்காவின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுக்க அவனுக்கு அந்த உயரம் சரியாக இருக்கிறது.