ஒரே மேட்ச் பெட்களைக் கோர்க்கும்போது காசு எங்கே போகிறது?

நண்பர் ஒருவர் நேற்றிரவு ஒரு பெட் ஸ்லிப்பின் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். ஒரே கால்பந்து மேட்ச். சொந்த மைதானத்தில் ஆடும் அணி ஜெயிக்கும், மேட்சில் மூன்று கோலாவது விழும், இரண்டும் நடக்க வேண்டும். தனியாகப் போட்டு ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு முதலாவதில் 1.80 திரும்பும், இரண்டாவதில் 1.90; இதுதான் ஆட்ஸ். பெருக்கினால் 3.42. ஆனால் ஒரே மேட்சின் பெட்களைக் கோர்த்துத் தரும் பெட் பில்டர் காட்டிய ஆட்ஸ் 2.75. "இது ஏமாத்து வேலைதானே?" என்று கேட்டிருந்தார்.

பெருக்கினால் வருவதைவிட ஆட்ஸ் குறைவது நியாயம்தான். எவ்வளவு குறைகிறது என்பதில்தான் எனக்குக் கோபம்.

இந்த மாதிரி மேட்ச் நூறு நடந்தால் அந்த அணி 53-ல் ஜெயிக்கும், 50-ல் மூன்று கோலாவது விழும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், இரண்டும் சேர்ந்து நடப்பது 26 அல்லது 27 தடவை. ஆனால் சம்பந்தம் இருக்கிறது. ஒரு அணி ஜெயிக்க வேண்டுமென்றால் அது கோல் போட்டாக வேண்டும். அதனால் சேர்ந்து நடப்பது 32 தடவை என்று கொள்ளலாம். பெட் நிறுவனம் தனக்கென எடுத்துக்கொள்ளும் மார்ஜினே இல்லாமல், அதற்கு நேர் ஆட்ஸ் 3.12. யாராவது 3.42 கொடுத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான், எனவே கொடுக்க மாட்டார்கள். இது வரை சரி.

ஆனால் 3.12-லிருந்து 2.75-க்கு இறங்கியதற்கும் தொடர்புக்கும் சம்பந்தமில்லை. அது மார்ஜின். நூறு போட்டால் சராசரியாக 88 திரும்புகிறது, 12 போகிறது. தனி பெட்டில் போவது ஐந்துக்குப் பக்கம். இரண்டு வேறு வேறு மேட்சைக் கோர்த்திருந்தால்கூட ஒன்பதைச் சற்றே தாண்டியிருக்கும். "ஒன்றோடொன்று தொடர்புடையவை, அதனால் ஆட்ஸ் குறைவு" என்ற ஒரே பதிலில் நியாயமான குறைப்பும் கூடுதல் மார்ஜினும் சேர்ந்து போய்விடுகின்றன. ஸ்லிப்பில் தெரிவது ஒரே ஒரு எண்.

என்னுடைய 32 தப்பாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் எந்த யூகமும் தேவைப்படாத ஒரு சோதனையை அவருக்குச் சொன்னேன். அதே ஸ்லிப்பில் இரண்டாவது லெக்கை, அதாவது கோர்த்த பெட்களில் கோல் பற்றியதை, மட்டும் திருப்பச் சொன்னேன்: அதே அணி ஜெயிக்கும், ஆனால் கோல் இரண்டுக்கு மேல் போகாது. வந்த ஆட்ஸ் 4.20. இப்போது பாருங்கள், அந்த அணி ஜெயித்தால் இந்த இரண்டு ஸ்லிப்பில் ஏதாவது ஒன்று கண்டிப்பாக வரும். ஆயிரம் கைக்கு வர முதல் ஸ்லிப்பில் 364, இரண்டாவதில் 238, மொத்தம் 602 போட வேண்டும். அணி ஜெயிக்கும் என்று நேராக 1.80-ல் போட்டால் அதே ஆயிரத்துக்கு 556 போதும். அதாவது பில்டர் வழியாக அதே வெற்றியை 1.66-க்கு வாங்குகிறோம். தொடர்பு மட்டுமே காரணம் என்றால் ஒரு பாதியில் குறைந்தது மறுபாதியில் கூடி, கூட்டுத்தொகை சமமாகியிருக்க வேண்டும். மிஞ்சி நிற்கும் அந்த 46 தான் ஒளிந்திருந்த மார்ஜின்.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. "அணி ஜெயிக்கும்" என்பதோடு "அதே அணி ஒரு கோலாவது போடும்" என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கோல் போடாமல் யாரும் ஜெயிக்க முடியாது, எனவே இரண்டாவது லெக் எதையும் மாற்றவில்லை. ஆட்ஸ் 1.80-லேயே நிற்க வேண்டும். சில இடங்களில் இந்தச் சேர்க்கையையே அனுமதிக்க மாட்டார்கள். அனுமதித்து, ஆட்ஸும் இறங்கினால், ஒன்றுமே இல்லாத லெக்குக்குக் காசு வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

இவர்களால் ஏன் இப்படிச் செய்ய முடிகிறது? தனி வெற்றிக்கான ஆட்ஸை நான்கு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதனால் அங்கே போட்டி இருக்கிறது. ஐந்து லெக் கோர்த்த ஒரு ஸ்லிப்பை யார் உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள்? அப்புறம், அவர்களுடைய மாடலுக்கே எந்தத் தொடர்பு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாது. அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு பாதுகாப்பு வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செலவும் நம் தலையில்தான்.

அவருக்கு நான் கடைசியாகச் சொன்னது மூன்றாவது லெக்கைப் பற்றி. ஸ்ட்ரைக்கர் கோல் போடுவார் என்று சேர்க்கப் போவதாகச் சொன்னார். அங்கே என் சோதனை வேலை செய்யாது, ஏனென்றால் "போட மாட்டார்" என்ற பக்கத்தைப் பெரும்பாலும் விற்பதே இல்லை. இரண்டு பாதியையும் கூட்டிப் பார்க்க வழியில்லை. வீரர்களின் பெயர் சொல்லிப் போடும் லெக்கில் தனி பெட்டாகவே மார்ஜின் அதிகம், அதையும் இந்த மூட்டைக்குள் போட்டுக் கட்டினால் எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியாது. அந்த லெக்கை எடுத்துவிடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, முழு ஸ்லிப்பையே அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.