பொற்குடத்தில் ஒளிந்திருக்கும் ன்

மகள் உயர்நிலை ஒன்றில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் படிக்கிறாள். போன வாரம் துணைப்பாட வகுப்பில் சொல்வதெழுதல். சக்கரத்துக்கு ‘ராட்’ என்று ஒரு சொல், ஆலோசனைக்கும் ‘ராட்’. எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. இவள் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிட்டாள். ‘காது கொடுத்துக் கேட்பதில்லை’ என்று நோட்டில் குறிப்பு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்!

‘நண்டு’ என்னும்போது டகரத்தில் தொண்டை அதிரும், ‘பட்டு’வில் அதிராது. சக்கரத்தின் ஈற்றில் இருப்பது நண்டின் டகரம். ஆனால் அசையின் கடைசியில் நின்றால் ஜெர்மானியர் நாக்கில் அதிர்வு போய்விடும், இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடும். பின்னால் ஓர் உயிரெழுத்து வரட்டும், குட்டு வெளிப்பட்டுவிடும். சக்கரங்கள் ‘ரேடர்’. ஆலோசகருக்கும் அதே ‘ராட்’தான், ஆலோசகர்கள் ‘ரேட்ட’.

சொல்லின் அடியில் இருக்கும் வடிவம், அதாவது அடிவடிவம், பட்டின் டகரம்தான், உயிர்களுக்கு நடுவே அது மெலிகிறது என்று சொல்லக்கூடாதா? கூடாது. அப்படியானால் ‘ரேட்ட’வும் மெலிந்திருக்க வேண்டுமே! ஆகவே வேறுபாடு சொல்லின் அடியில் இருக்கிறது, வாயில்தான் மறைகிறது.

இது நமக்குப் புதிதா? பொற்குடம், கற்குடம் இரண்டிலும் கேட்பது றகரம்தான். பொன்னை, கல்லை என்று ஐ சேர்த்தால்தான் ஒன்றில் ன், மற்றதில் ல் என்று தெரியும். பொற்குடத்தைக் கேட்டு எழுதிய பிள்ளையிடம் ‘ன் எங்கே’ என்று யாரும் கேட்பதில்லை.

இந்த உயிரெழுத்துச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது நம் பக்கத்து வீட்டு மலாய்தான். பதில் சொல்வதற்கு ‘ஜவாப்’. அரபியிலிருந்து வந்தது, நம் தாத்தாக்கள் சொன்ன ஜவாபும் அதுவே. மலாயில் எழுதும்போது ஈற்றில் ‘அம்பு’வின் பகரம், பேச்சில் ‘அப்பம்’ பகரம். ‘அன்’ சேர்த்துப் பெயர்ச்சொல்லாக்கினால் அம்பின் பகரம் திரும்ப வரவேண்டும் இல்லையா? இந்தோனேசியாவில் வருகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எழுத்திலேயே அப்பத்தின் பகரம் வந்துவிட்டது. காதில் விழுந்த பகரத்தையே இங்கே அடிவடிவமாக எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த ‘ஒன்றாகிவிடும்’ என்பது முழுக்கச் சரியில்லை. 1985இல் போர்ட், ஓடெல் என்ற இருவர் ஜெர்மானியர் பேசியதை அளந்தார்கள். அடியில் அதிர்வுள்ள சொல்லில் முன்னால் வரும் உயிர் மயிரிழை நீளமாக இருந்தது. கேட்பவர்களும் குருட்டுயோகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து வாசிக்கவைத்ததால் வந்த நீளம் என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும், பதின்மூன்று வயதுப் பிள்ளை வகுப்பறையில் அதைப் பிடிக்கவேண்டும் என்பது நியாயமே இல்லை. தனிச்சொல்லாகச் சொல்லாமல் பன்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது போதும்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அவளிடம் சொன்னேன்: “ஈற்றில் சந்தேகம் வந்தால் பன்மையைச் சொல்லிப் பாரும்மா.” ‘நாய்’க்கு ஜெர்மனில் ‘ஹுண்ட்’. வாய்க்குள் ‘ஹுண்ட, ஹுண்ட’ என்று இரண்டு முறை சொன்னாள், விரலைத் தொண்டையில் வைத்தபடி. “நண்டுப்பா!” என்றாள்.