நீல டிக்கை நம்பிப் பகிர வேண்டாம்

“நீல டிக் இருக்கிற கணக்குதானே போட்டிருக்கு? மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில மீன்பாட்டு கேட்க இனி 200 ரூபா டிக்கெட்டாம். எல்லாரும் பகிருங்க.”

தம்பி, அது நையாண்டிக் கணக்கு. எக்ஸ் தளத்தில் 2022 நவம்பரிலிருந்து நீல டிக்கைக் காசுக்கே வாங்கலாம். அப்போதே ஒருவர் @EliLillyandCo என்ற பெயரில் டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதிவிட்டார். மருந்து நிறுவனத்தின் உண்மையான கணக்கு @LillyPad. அவர்கள் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று.

பெயரில் ‘Parody’ என்று இருக்கும் என அக்கா சொன்னது பாதி சரி. 2025 ஏப்ரலிலிருந்து அந்தச் சொல் பெயரின் தொடக்கத்திலேயே வர வேண்டும் என்பது எக்ஸின் விதி. எல்லாரும் அதன்படி நடப்பதில்லை. அப்புறம், நமக்கு வாட்ஸப்பில் வந்தது பெயரை வெட்டிய ஸ்கிரீன்ஷாட்.

நான் அந்தக் கணக்கையே திறந்து பழைய பதிவுகளைப் பார்த்தேன். போன கிழமை வாவி முதலைக்கு நீச்சல் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்! (அதையும் யாரோ கோபமாகப் பகிர்ந்திருந்தார்.)

களுவாஞ்சிக்குடி மாமா, உங்கள் கணக்கு களவு போனது வேறு கதை, அதைத் தனியாகப் பேசுவோம். ஒரேயொரு பதிவோடு நிற்கும் புதுக் கணக்கென்றால் நையாண்டியா மோசடியா என்று பழைய பதிவுகளைப் பார்க்கும் இந்த வழியில் பிரிக்க முடியாது.