கடைசி ஸ்கேனில் வரும் பிரசவத் தேதி சரியானதா?

தன் அக்காவுக்குக் கடைசி ஸ்கேனை வைத்துப் பிரசவத் தேதியை மாற்றினார்கள் என்று சொல்லி, ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "கடைசியாக எடுத்த ஸ்கேனில் போட்டிருக்கும் தேதிதான் துல்லியம், பழைய தேதியை விட்டுவிடுங்கள்."

இது தவறு. மார்ச் 1 அன்று எடுத்த ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 23 மி.மீ. என்றால் கர்ப்பம் ஏறத்தாழ 9 வாரம். அதன்படி பிரசவத் தேதி அக்டோபர் 4. ஆகஸ்ட் 9 அன்று, 32 வாரத்தில், அளவுகள் 30 வாரத்துக்கு உரியவையாக இருந்தால், கருவி தானாகவே அக்டோபர் 18 என்று அச்சிடும். அது குழந்தையின் அளவைச் சொல்கிறதே தவிர வயதை அல்ல. தேதியைத் தள்ளிவைத்தால், வளர்ச்சிக் குறைவு இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தன் அக்காவுக்குத் தேதியை மாற்றினார்கள் என்று அவர் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மாதவிடாய் ஒழுங்கற்று, தொடக்க ஸ்கேனும் இல்லாதபோது, மூன்று வாரம் வரை பிழை வரக்கூடிய பிந்தைய ஸ்கேனையே நம்ப வேண்டியிருக்கும்.

தலைச் சுற்றளவு சரியாக இருந்து வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்கியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் மருத்துவர், இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையும், இரண்டு வாரம் கழித்து மறு அளவீடும் கேட்கக்கூடும். இயல்பிலேயே சிறிய குழந்தையா என்பதை ஒரே ஸ்கேனில் முடிவு செய்ய இயலாது.