குத்துவிளக்கு போட்டோவும் மெயிலும்

எங்க ராணிப்பேட்டை தோல் கம்பெனி முதலாளிக்கு பேப்பர்ல வரணும். நிருபருக்கு மெயில் எழுதினேன். தலைப்பு வரியிலயே விஷயம்: "பாலாறு மணலா கிடக்கு, கழிவுநீரைச் சுத்திகரிச்சு போர் தண்ணியைப் பாதியாக் குறைச்ச தோல் ஆலை." உள்ளே நாலே வரி. ரெண்டு வருஷ மீட்டர் கணக்கு கேட்டா தர்றோம்னு ஒரு வரி, போட்டோவுக்கு லிங்க், பிளான்ட் இன்ஜினியர் செல் நம்பர்.

அய்யா எல்லாத்தையும் வெட்டிட்டார். புதுத் தலைப்பு: "வெற்றிகரமான 25-ஆம் ஆண்டில்!" உள்ளே தாத்தா புராணம், கூடவே 22 மெகாபைட் சைஸ்ல குத்துவிளக்கு ஏத்துற போட்டோ. மீட்டர் கணக்கா? "அதெல்லாம் எதுக்குப்பா வெளிய?"

25 வருஷம் நமக்குத்தானே விசேஷம்? சத்துவாச்சாரியில குடம் தூக்கிட்டு நிக்கிறவங்களுக்கு தண்ணிதான் செய்தி!

மூணு நாள் பதிலே இல்ல. போன் போட்டேன். தண்ணி கதையைச் சொன்னதும் நிருபர், "இதை ஏன் சார் மெயில்ல எழுதல? அஞ்சு மணிக்குள்ள மீட்டர் கணக்கு அனுப்புங்க, நாளைக்கே போட்டுடலாம்"ன்னார்.

கணக்கு நோட்டு முதலாளி டிராயர்ல. சாவி அவர்கிட்ட. அவர் திருப்பதி கியூவில, செல் ஸ்விட்ச் ஆஃப்.