கேள்வி கேக்க அஞ்சு பேர், பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல

வேலை இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கப்பா. அதுக்குமா யோசனை? இண்டையோட இருவத்திமூண்டு நாள். பிரட்றிக் கோட்டைக்குள்ள நிக்கிற மான்கூட ஆளைக் கண்டா ஒருக்காத் திரும்பிப் பாக்கும்.

விஷயம் இதுதான். திருமலை டவுனுக்குள்ள ஒரு ஹாட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ட் எல்லாம் இருக்கு, ரெண்டு லொறி ஓடுது. கணக்கு கிளாக் வேலைக்கு ஆள் தேவையெண்டு அறிஞ்சு போனன். கடைக்குப் பின்னால இருக்கிற அறையில இன்டர்வியூ எண்டாங்க. உள்ள போனா, முதலாளி ஐயாவோட அவர்ட மனிசி, மனிசிட தம்பி, மூலைக் கதிரையில ஐயாட அப்பா எல்லாரும் இருக்காங்க. மேசையில தண்ணிப் போத்தலில சாத்தி வச்ச போனுக்குள்ள கனடாவில இருக்கிற மூத்த மகன்.

ஐயா கேட்டது மூண்டே மூண்டு கேள்வி, மூண்டும் வேலையைப் பற்றினது. மகன் கணினியில என்னென்ன கணக்கு மென்பொருள் தெரியுமெண்டு கேட்டார், அதுவும் நியாயம். மனிசி கேட்டதுதான், "நீங்க சாம்பல்தீவில ஆற்ற மகள்? கலியாணம் பேசுறாங்களா?" தம்பிக்காரர், "முந்தின இடத்தில என்ன பிரச்சினை?" எண்டு மூண்டு தரம் கேட்டார். பிரச்சினை இல்லை அண்ணா, அவங்க கடையை மூடிட்டாங்க எண்டு மூண்டு தரமும் சொன்னன். பெரியய்யா ஒண்டும் கேக்கல்ல. ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எல்லாரும் அவரைத்தான் ஒருக்காப் பாத்தாங்க. அதை அண்டைக்கே கவனிச்சிருக்கோணும். அங்க முடிவெடுக்கிற ஆள் வாய் திறக்காத அந்த மனிசன்தான்.

"வாற கிழமைக்குள்ள சொல்லுறம் பிள்ளை" எண்டு அனுப்பினாங்க. ஆர் சொல்லுவீங்க, எந்த நம்பருக்கு எண்டு கேக்காம எழும்பி வந்தது என்ட மடைத்தனம். கொம்பனி எண்டா ஆள் எடுக்கிறதுக்கு ஒருத்தர் இருப்பார், அவரைக் கேக்கலாம். இங்க அஞ்சு பேரும் கேள்வி கேக்கவெண்டு இருந்தவங்க, அதால அஞ்சு பேருக்கும் நான் விடை சொல்ல வேண்டியவள். எனக்கு விடை சொல்ல வேண்டியவர் மட்டும் ஆருமில்ல.

அடுத்தநாள் ஐயாவுக்கு நன்றி சொல்லி ஒரு மெசேஜ் போட்டன். ரெண்டு நீலக் கோடு விழுந்திச்சு, அவ்வளவுதான். அவங்க சொன்ன கிழமை முடியுமட்டும் பொறுத்திருந்து, திங்கள் காலம எட்டரைக்கு கோல் எடுத்தன். திங்கள் காலமையில ஹாட்வெயார் கடைக்கு கோல் எடுக்கிறவளுக்கு மூளை இருக்கா எண்டு நீங்க கேக்கலாம். இல்லத்தான். சீமெந்து லொறி வந்து நிக்குது, ஐயா மூட்டை எண்ணுறார். "மச்சானிட்டக் கேளுங்க பிள்ளை" எண்டு வச்சிட்டார்.

செவ்வாய் மச்சானுக்கு எடுத்தன். இங்கதான் என்ட வேலைக்கு நானே குழி வெட்டினன். "கையில எவ்வளவு வந்தாச் சரி தங்கச்சி?" எண்டார். ஐம்பத்தையாயிரம் வந்தாப் போதும் அண்ணா எண்டன். இன்டர்வியூவில ஐயா கேட்டது "சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கிறீங்க?" அவருக்குச் சொன்னது 60,000.

கணக்குத் தெரிஞ்ச ஆளுக்கு இது ரெண்டும் ஒண்டுதான். 60,000 சம்பளத்தில ஊழியர் சேமலாப நிதிக்கு என்ட பங்கு 8 வீதம், 4,800 ரூபா. கழிச்சா கைக்கு 55,200. முதலாளி தன்ட பக்கத்தால போடவேண்டியது சேமலாபத்துக்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். ரெண்டும் சேத்து 9,000. அப்ப நான் அவங்களுக்கு மாசம் 69,000 ரூபாச் செலவு. இதைத்தான் மச்சானுக்கு விளங்கப்படுத்தப் போனன். "அதெல்லாம் ஆறு மாசம் போகட்டும், பிறகு பாப்பம்" எண்டார். ஆறு மாசம் எங்கால வந்தது? சேமலாபம் வேலையில சேந்த முதல் நாளிலயே தொடங்கோணும், பழகுற காலமெண்டாலும். 1958 இல வந்த சட்டம். சொன்னன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல. பிறகு, "அக்காதான் முடிவு சொல்லுவா."

புதன் அக்காவுக்கு, அதாவது முதலாளிட மனிசிக்கு. அவ சுகம் விசாரிச்சா, அம்மாட முழங்கால் வருத்தத்தையும் விசாரிச்சா. அம்மாக்கு முழங்கால் வருத்தம் எண்டு நான் சொல்லவே இல்ல! எங்கட ஒழுங்கைக்குள்ள ஆரிட்டயோ என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறா. விசாரிக்கட்டும், கடைக் காசைக் கையில குடுக்கப் போறவங்க விசாரிக்கத்தான் வேணும். விசாரிச்ச கையோட முடிவையும் சொல்லலாமே? "ஐயாட்டக் கேளுங்கோ பிள்ளை."

வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயில்ல அவங்கட சொந்தக்காரப் பெண்ணொண்டு அம்மாட்டச் சொல்லியிருக்கு: "உங்கட மகள் ஐயாவுக்கு அறுவது எண்டாளாம், தம்பிக்கு ஐம்பத்தைஞ்சு எண்டாளாம். ஆளுக்கொரு விலை சொல்லுற பிள்ளை என்னத்தக் கணக்கு எழுதப் போகுது? அதுக்கிடையில மூண்டு பேருக்கும் கோல் மேல கோல்."

எனக்கு வந்த கோவம்! மூண்டு பேருக்கும் கோல் எடுக்க வச்சது ஆர்? ஒராள் மற்றாளைக் காட்டினா நான் கடைப் பூனையிட்டயா கேக்கிறது? அந்த 8 வீதம் ஞாபகத்தில இருக்கிற ஒருத்தர் அந்த வீட்டில இருந்திருந்தா இது ரெண்டு விலையா ஒரு விலையா எண்டு தெரிஞ்சிருக்கும். அப்பிடி ஒருத்தர் இல்லாமத்தானே ஆள் தேடுறீங்க!

பிழை என்னிலயும் இருக்கு. குடும்பக் கடையில தனித்தனிக் கதை எண்டு ஒண்டில்ல. ராச்சாப்பாட்டுக்கு இருந்தா எல்லாக் கதையையும் சேத்துப் பாப்பாங்க. ஒரே தொகையை, ஒரே சொல்லில, எழுத்தில, ஒராளுக்குத்தான் குடுத்திருக்கோணும். மச்சான் கேட்டநேரம் "ஐயாவுக்குச் சொன்ன தொகைதான் அண்ணா" எண்டதோட நிப்பாட்டியிருந்தா இந்தக் கதையே இல்ல.

அதால இந்தத் திங்கள், பின்னேரம் மூண்டரைக்கு, லொறியும் சாப்பாடும் முடிஞ்ச நேரம் பாத்து, ஐயாவுக்கு மட்டும் அனுப்பினன்:

"ஐயா வணக்கம். கணக்கு கிளாக் வேலைக்கு வந்து உங்களையும் பெரியய்யாவையும் மற்ற ஆக்களையும் சந்திச்ச பிள்ளை நான். நான் கேட்ட சம்பளம் 60,000. சேமலாபம் 8 வீதம் கழிச்சால் கைக்கு வாறது 55,200. மச்சானுக்குச் சொன்னதும் இதே கணக்குத்தான். வேற இடத்துக்கும் பதில் சொல்ல இருக்கிறதால வெள்ளிக்கிழமைக்கு முன்னம் உங்கட முடிவை அறியத் தந்தால் உதவியா இருக்கும்."

பெரியய்யாட பேரை வேணுமெண்டுதான் போட்டன். வேற இடம் எண்டது பொய்யில்ல, சீனக்குடாப் பக்கம் ஒரு இடத்தில கேட்டிருக்காங்க. சம்பளம் குறைவு, ஆனா கேள்வி கேட்டது ஒராள்தான், நியமனக் கடிதம் தருவம் எண்டும் அவராத்தான் சொன்னார்.

இந்த மெசேஜுக்கும் நீலக் கோடு விழுந்திச்சு. செவ்வாய்க்கிழமையில இருந்து ஐயா என்னைத் தன்ட காலை வணக்கம் அனுப்புற பட்டியலில சேத்திட்டார் போல. தினமும் ஆறு மணிக்கு ஒரு படம் வருது. இண்டைக்கும் வந்தது. கோணேசர் கோயில் கோபுரம், அதுக்கு மேல மின்னி மின்னி ஓடுற எழுத்தில "இனிய வெள்ளிக்கிழமை வாழ்த்துகள்".