பதினாறு விழுக்காடும் மூன்று விழுக்காடும்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், தீபாவளி விளம்பரத்தை யாரிடம் கொடுக்கலாம் என்று இரண்டு யூடியூப் அலைவரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ரசீதுத் தாளின் பின்புறத்தில் எழுதிய இரண்டு எண்களை என்னிடம் நீட்டினார். என் சின்னம்மாவின் சமையல் அலைவரிசைக்கு 15.9 விழுக்காடு, கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பெரிய சமையல் அலைவரிசைக்கு 3.1 விழுக்காடு. “உங்க சின்னம்மா அவங்களைவிட அஞ்சு மடங்கு கெட்டி, தம்பி” என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சின்னம்மாவின் காணொலிகளைப் பதிவேற்றுவதும் கணக்குப் பார்ப்பதும் நான்தான் என்பதால், அந்த ஐந்து மடங்கை என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை.

அவர் போட்டது, பார்ப்பவர்களின் ஈடுபாட்டை அளக்கப் பலரும் போடும் கணக்குதான். விருப்பக்குறி, கருத்து, பகிர்வு மூன்றையும் கூட்டி, பார்வை எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். விரிதாளில் இப்படி வரும்:

```
=(B2+C2+D2)/E2*100
```

சின்னம்மாவின் நெத்திலிக் குழம்புக் காணொலிக்கு 640 பார்வைகள், 71 விருப்பக்குறிகள், 22 கருத்துகள், 9 பகிர்வுகள். கூட்டினால் 102, வகுத்தால் 15.9 விழுக்காடு. பெரிய அலைவரிசையின் காணொலிக்கு 184,000 பார்வைகள், 5,300 விருப்பக்குறிகள், 410 கருத்துகள். இங்கேயே முதல் பிழை நுழைந்துவிட்டது. யூடியூப்பில் பகிர்வு எண்ணிக்கை வெளியாருக்குத் தெரியாது. அலைவரிசைக்காரர் தம் கணக்குப் பக்கமான யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தால்தான் தெரியும். சின்னம்மாவின் பகிர்வுகளை நான் கொடுத்தேன், அவர்களுடையதை யாரும் கொடுக்கவில்லை; ஆகவே ஒரு பக்கம் மூன்றைக் கூட்டியும் மறுபக்கம் இரண்டை மட்டும் கூட்டியும் வகுத்திருக்கிறார். கடைக்காரர் தொலைபேசியில் கேட்டதும் அவர்கள் ஸ்டூடியோ திரையைப் படமெடுத்து அனுப்பினார்கள். பகிர்வு 810. இப்போது அவர்களுடைய விகிதம் 3.5 விழுக்காடு.

சின்னம்மா பக்கமும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது. காணொலிக்குக் கீழே தெரியும் கருத்து எண்ணிக்கையில் பதில்களும் அடங்கும். “சூப்பர் அக்கா” என்று ஒருவர் எழுதினால் “நன்றிம்மா” என்று சின்னம்மா உடனே எழுதிவிடுவார். அந்த 22 கருத்துகளில் 11 அவர் கைப்பட எழுதியவை. அவற்றைக் கழித்தால் 91 மிஞ்சும், விகிதம் 14.2 விழுக்காடு. மிஞ்சிய 11 கருத்துகளையும் எழுதியவர்கள் ஏழு பேர், அதில் நான்கு பேர் எங்கள் உறவினர். ஒரே ஆள் விருப்பமும் இட்டு, கருத்தும் எழுதி, பகிர்ந்தும் இருந்தால் அவர் மூன்றாகக் கணக்கில் ஏறுகிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 91 என்பது செயல்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. பெரிய அலைவரிசைக்கும் அப்படித்தான் என்றாலும், 640 பார்வையில் பத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்து விருப்பக்குறி போட்டால் விகிதம் ஒன்றரை விழுக்காடு ஏறிவிடும்; 184,000 பார்வையில் அதே பத்துப் பேர் வந்தது தெரியவே தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் 14.2க்கும் 3.5க்கும் நான்கு மடங்கு வேறுபாடு இருக்கிறது. அதற்குக் காரணம் எனக்குப் புரிந்தது சின்னம்மாவின் இன்னொரு காணொலியால்தான். மரவள்ளிக்கிழங்குப் புட்டு செய்துகொண்டே, தோட்டத்து லயத்தில் இருந்தபோது பால் வெட்டப் போகும் முன் விடியற்காலையில் அவருடைய அம்மா அதை அவித்துக் கொடுத்த கதையைச் சொன்னார். அதை யூடியூப் முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் பரிந்துரைத்தது. 21,400 பார்வைகள். அவருடைய பதில்களைக் கழித்தபின் 780 விருப்பக்குறிகள், 96 கருத்துகள், 118 பகிர்வுகள், மொத்தம் 994. விகிதம் 4.6 விழுக்காடு. அவருக்கு வந்த காணொலிகளிலேயே மிகச் சிறந்தது, அவருடைய பட்டியலிலேயே மிகக் குறைந்த விகிதத்தில் நிற்கிறது.

வழக்கமாக வரும் 640 பார்வைகளும் அவற்றின் 91 செயல்களும் இந்தக் காணொலியிலும் அப்படியே இருந்தன என்று வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன். மிஞ்சியவை 20,760 பார்வைகளும் 903 செயல்களும், 4.3 விழுக்காடு. அதாவது சின்னம்மாவை அறியாதவர்கள் அவர் காணொலியைப் பார்த்தால் ஏறக்குறைய இந்த அளவில்தான் கைவைக்கிறார்கள். தெரிந்தவர்கள் மூன்று மடங்குக்கு மேல் கைவைக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது குழம்பை மட்டுமல்ல, சின்னம்மாவையும்தான். பெரிய அலைவரிசையின் 3.5 பெரும்பாலும் அறியாதவர்களின் விகிதம். அதனோடு வைத்துப் பார்க்கத் தகுந்தது 4.3தான், 14.2 அல்ல. அப்போதும் சின்னம்மா சற்று மேலேதான் இருக்கிறார், ஆனால் அது ஒரே ஒரு காணொலியை வைத்துச் சொல்வது என்பதால் அதன்மேல் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அலைவரிசை முழுவதற்கும் ஒரே எண் கேட்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். நெத்திலிக் குழம்பைப் போன்ற ஒன்பது காணொலிகளையும் இந்தப் புட்டையும் எடுத்துக்கொண்டு, பத்து விகிதங்களின் சராசரியைப் பார்த்தால் 13.3 விழுக்காடு வரும். செயல்கள் அனைத்தையும் கூட்டி, பார்வைகள் அனைத்தாலும் வகுத்தால் 6.7 வரும். இரண்டுமே சரியான கணக்கு. முதலாவது ஒவ்வொரு காணொலிக்கும் ஒரு வாக்கு தருகிறது, இரண்டாவது ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு வாக்கு தருகிறது. விளம்பரம் பிடிக்க நினைப்பவர் எதைக் காட்டுவார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே எண்ணைக் கேட்பவர், அது எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

குறுங்காணொலிகளை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. குறைந்தபட்ச நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பழைய முறையிலான எண்ணிக்கை ஸ்டூடியோவில் Engaged views என்ற பெயரில் தனியாகக் கிடைக்கிறது. வகுக்கும் எண்ணே மாறிய பிறகு, முன்பு எடுத்த விகிதத்தோடு இதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

நான் இப்போது ஒவ்வொரு காணொலியையும் ஏழாம் நாளில் ஒருமுறைதான் குறித்துக்கொள்கிறேன். முதல் இரண்டு நாள் வருபவர்கள் தெரிந்தவர்கள் என்பதால் விகிதம் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். பெரிய காணொலியைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும் மட்டும் வைத்துப் பார்க்கிறேன்.

கடைக்காரருக்கு இவற்றில் எதுவுமே நேரடியாக உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய அலைவரிசை அனுப்பிய படத்தில் மலேசியப் பார்வையாளர்கள் 22 விழுக்காடு. அதாவது 40,000 பார்வைக்குச் சற்று மேல், அதுவும் பெர்லிஸ் முதல் சபா வரை. சின்னம்மாவின் 640இல் பெரும்பாலானவர்களை அவரால் பெயர் சொல்லியே அழைக்க முடியும், அவர்களில் பலர் சேலை எடுக்க அந்தக் கடைத்தெருவுக்குத்தான் வருகிறார்கள். எந்த விகிதத்திலும் இந்த வேறுபாடு தெரியாது. கடைசியில் அவர் சின்னம்மாவிடம் இரண்டு காணொலிகளுக்கு விளம்பரம் கொடுத்துவிட்டு, கல்லாப் பெட்டிக்கு அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தைப் போட்டு, சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

சின்னம்மாவுக்கு இந்தக் கணக்கில் ஒரே ஒரு வருத்தம்தான். “நான் எழுதுற பதிலெல்லாம் கழிச்சிட்டியாமே. அப்ப எழுத வேண்டாமா?” என்று கேட்டார். எழுதுங்கள், கழிப்பது என் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.